தூண் வரை போகாத கை

பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற அந்தப் பட்டறையில் கோணலார் வாயில் விழாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பெயிண்ட் அடிக்கிறவனை, போய் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளை அடி என்பார். சீட் தைக்கிறவனிடம், இதுக்கு முன்னால நீ எங்கேயாவது உட்கார்ந்து பழக்கமுண்டா என்று கேட்பார். கண்ணாடிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியைத் தூக்கிவரும்போது ஓரமாக நின்று, "நடங்க நடங்க, அது உடைஞ்சாலும் உங்க மூஞ்சியை விட நல்லாத்தான் இருக்கும்" என்பார். யாரும் திருப்பிச் சொல்வதில்லை. வயசுக்குக் கொடுத்த மரியாதை பாதி, வேலைக்குக் கொடுத்த மரியாதை பாதி.

அவர் வேலை வைப்பர் மாட்டுவது. அது ஒன்றுதான். பஸ்ஸில் மற்றதெல்லாம் வெறும் ஜோடனை என்பது அவர் கட்சி. "டிரைவருக்கு ரோடு தெரியலைன்னா, நீ தைச்ச மெத்தையில உட்கார்ந்தபடியே பள்ளத்துல விழலாம், அவ்வளவுதான் உன் மெத்தைக்கு லாபம்" என்று சீட்காரனிடம் சொல்லியிருக்கிறார்.

கோணலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வைப்பர் ராடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்து, தலை அந்தச் சாய்விலேயே நின்றுபோனது. முதலில் கோணல் என்றார்கள். தலை நரைத்த பிறகு, போனால் போகிறது என்று ஒரு 'ஆர்' சேர்த்தார்கள். மனுஷனை நேருக்கு நேர் பார்த்தாலும் அந்தச் சாய்வோடுதான் பார்ப்பார். நம்மிடம் ஏதோ வளைந்திருக்கிறது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம். "மோட்டார் இருக்கு பாரு, அது ஒரு பக்கமாத்தான் சுத்தும். செக்கு மாதிரி. போகும், வரும்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது. அது தலையில ஒரு குட்டைக் கை வச்சிருக்கேன், அதுதான் கிராங்க். கிராங்க் முழு வட்டம் அடிக்கும். அது நுனியில ராடு. ராடு போய் வைப்பர் தண்டைத் தள்ளும், இழுக்கும். தண்டு முழுசாச் சுத்தாது, பாதியில திரும்பிடும். அதனால கை கண்ணாடி மேல போயிட்டு வருது. கிராங்க் நீளமா இருந்தா கை ரொம்ப தூரம் போகும், குட்டையா இருந்தா கொஞ்ச தூரம் போகும். இதுகூட மண்டையில ஏறலைன்னா வீட்டுக்குப் போ, உங்கம்மா தேடுவாங்க."

சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்த மனுஷன்தான். சுவிட்சை அணைத்தால் மோட்டார் உடனே நிற்காது. உள்ளே பல்சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு தகடு, கை கண்ணாடிக்கு அடியில் வந்து படுக்கிறவரை கரண்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும், வந்து படுத்ததும் கரண்டை வெட்டி மோட்டாரைப் பிடித்து நிறுத்திவிடும். அந்த இடத்தை அவர் வைத்தால் வைத்ததுதான். ஆனால் வேலை தெரிந்தவனுக்கு மற்றவனெல்லாம் மண் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவராகவே கற்றுக்கொண்டார். அதில் அவருக்குக் குரு யாரும் இல்லை.

வீட்டில் மனைவி, கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரே மகள், அவளைக் கட்டிய மாப்பிள்ளை. மாப்பிள்ளை கார்களுக்கு உடைந்த முன்கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுக்கண்ணாடி ஒட்டும் கடையில் இருந்தான். அந்தக் கண்ணாடிகளில் மழை உணரும் சென்சாரை மாட்டி, அதைச் சரிபார்த்துக் கொடுப்பது அவன் கைவேலை. கோணலார் கணக்கில் அது வேலையே அல்ல. "பொத்தான் ஒட்டுறவர்" என்பார். மாப்பிள்ளை என்பதால் 'ர்' போட்டுத்தான் சொல்வார். அந்த மரியாதைதான் கேட்கிறவனுக்கு அதிகம் எரியும்.

பட்டறைக்கு ஒரு ஆர்டர் வந்தது. நீண்ட தூரம் ஓடுகிற பஸ், மழை விழுந்தால் வைப்பர் தானாக ஓட வேண்டும். இந்தப் பஸ் பிடித்திருந்தால் இன்னும் பல பஸ் வரும் என்று பேச்சு. முதலாளி, தகப்பன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சின்ன வயசுக்காரர், சென்சார் தெரிந்த ஆளைத் தேடினார். மகள் அன்றே அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, இவருக்குச் சொல்லுங்களேன். கண்ணாடிக் கடையில எத்தனை நாளைக்குத்தான் ரோட்டோரம் குனிஞ்சு நிக்கிறது?"

"நான் எதுக்கு சொல்லணும்? அவரு பொத்தானே பேசாதா?"

"பேசும். உங்க அளவுக்கு நீளமாப் பேசாது."

மனைவி அடுப்படியிலிருந்தே சிரித்தாள். கோணலார் முதலாளியிடம் போய்ச் சிபாரிசு செய்தார். எப்படி? "நம்ம மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கார். ஒட்டத் தெரியும். ஒட்டினது நிக்குமான்னு நீங்கதான் பார்க்கணும்." இப்படி ஒரு சிபாரிசை எதிரிகூடச் செய்யமாட்டான். முதலாளி மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டார்; ஆனால் இந்தப் பஸ் சரியாக வந்தால்தான் வேலை நிரந்தரம் என்றார். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு வந்தான். அந்த இடத்தில் அவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போக வழி இல்லை.

ஒரு விடுமுறை மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். மாமியார் வாய் சும்மா இராமல் கேட்டாள்: "அந்தப் பொத்தானுக்கு மழை பெய்யுதுன்னு எப்படிங்க தெரியும்? உள்பக்கம்தானே ஒட்டுறீங்க, நனையவே நனையாதே?"

மாப்பிள்ளை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்தான். "அத்தை, மேல இருந்து தண்ணிக்குள்ள சாய்வாப் பாருங்க. டம்ளரோட பக்கச் சுவர் என்ன மாதிரி தெரியுது?"

"வெள்ளித் தகடு மாதிரி."

"உள்ள இருந்து போற வெளிச்சம் சாய்வாப் போய் வெளிச்சுவர்ல பட்டா, வெளியே காத்துதான் இருக்குன்னா, தாண்டிப் போகாது. அப்படியே திரும்பிடும். அதான் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னுது. இப்ப விரலை நனைச்சு வெளிப்பக்கம் ஒட்டுங்க."

அத்தை ஒட்டினாள். வெள்ளித் தகட்டுக்கு நடுவே விரல் பளிச்சென்று தெரிந்தது. "அட!"

"நனைஞ்ச இடத்துல வெளிச்சம் வெளியே தப்பிச்சுப் போயிடுது. சென்சாரும் இதேதான் பண்ணுது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைச் சாய்வாக் கண்ணாடிக்குள்ள விடும். வெளிப்பக்கம் காஞ்சு இருந்தா முழுசும் திரும்பி வரும். துளி விழுந்தா அந்த அளவுக்குக் குறையும். எவ்வளவு குறையுதோ அவ்வளவு மழைன்னு அர்த்தம். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பசை மாதிரி ஒரு ஜெல் துண்டு வைப்போம். அதுல காத்துக் குமிழி இருந்தா வெளிச்சம் கண்ணாடிக்குள்ளயே சரியாப் போகாது, எல்லாம் கெட்டுடும்."

"முழுக் கண்ணாடியையும் பார்க்குமா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை. ஒரு பெரிய பொத்தான் அளவு இடத்தைத்தான் பார்க்கும். அந்த இடத்தை வைப்பர் துடைச்சாகணும். துடைக்கலைன்னா மழை நின்னது அதுக்குத் தெரியவே தெரியாது."

கோணலார் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டம்ளர்ல விரலை வச்சு விளையாடறதுக்கு ஒரு முதலாளி சம்பளம் தர்றான் பாரு" என்று எழுந்து போனார். பிறகு எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே போனாள். கோணலார் தனியாக நின்று, தலையைச் சாய்த்து, நனைந்த கட்டைவிரலை டம்ளரில் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தார். "தாகமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "ஆமா" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

பஸ்ஸுக்கு வேலை ஆரம்பமானது. வைப்பர் கை இரண்டும் கண்ணாடியின் கீழ் மூலைகளில் ஊன்றியவை. சும்மா இருக்கும்போது நடுவை நோக்கிப் படுத்திருக்கும். ஓடினால் எழுந்து, கண்ணாடியைப் பிடித்து நிற்கும் இரண்டு பக்கத் தூண்களை நோக்கிப் போய்த் திரும்பும். மேலே நடுவில் வைப்பர் படாத முக்கோணம் ஒன்று எப்போதும் மிஞ்சும். அதனால் மாப்பிள்ளை, டிரைவருக்கு எதிர்ப்பக்கத் தூணை ஒட்டி, மேலே, கை தன் ஓட்டத்தின் கடைசியில் துடைக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தான். கண்ணாடியை நனைத்து, வைப்பரை மெதுவாக ஓடவிட்டு, துடைத்த எல்லையைக் கண்ணால் பார்த்து, அதற்கு உள்ளே ஒட்டினான். குமிழி ஒன்று இல்லை. சுத்தமான வேலை.

"ஒட்டியாச்சா மாப்பிள்ளை? சட்டை இனிமே காத்துல பறக்காதுல்ல?" என்றார் கோணலார்.

"பறக்காது மாமா" என்றான் அவன். பெண் கொடுத்த மனுஷனிடம் வேறு என்ன சொல்வான்?

சென்சாருக்கான வயர் பெட்டி ஒன்று வாங்கிவர அவன் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் பஸ்ஸை மழைக்கூண்டுக்குள் விட்டார்கள். செய்து முடித்த ஒவ்வொரு பஸ்ஸும் அதற்குள் போய்த்தான் ஆக வேண்டும். மேலும் பக்கமும் குழாய்கள் சீறி அடிக்கும், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். அதை நடத்துகிற பெண்ணுக்கு மழைக்காரி என்று பெயர். வாய் அவளுக்கும் கோணலார் அளவுக்கு உண்டு. அவள் வைப்பரை வேகமாக ஓடவிடச் சொன்னாள். ஓடவிட்டார்கள். டக். டக். டக். சென்சார் ஒட்டிய பக்கத்துக் கை ஒவ்வொரு தரமும் தூணில் போய் இடித்தது.

உலர்ந்த கண்ணாடியில் ஓட்டியபோதும், நனைத்து மெதுவாக ஓட்டியபோதும் இடிக்கவில்லை. நனைந்த கண்ணாடி வழுக்கும், வேகம் கூடினால் கையின் கனமே அதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும், ராடு மெலிசாக இருந்தால் வளைந்து கொடுக்கும், மோட்டாரைத் தாங்கும் தகடும் அசையும். எல்லாம் சேர்ந்தால் கை எல்லை தாண்டும். கோணலாருக்கு இது தெரியாததா? தெரியும். பழைய பஸ்களின் ராடே இதற்கும் போதும் என்று அலட்சியமாக மாட்டிவிட்டிருந்தார். இந்தப் பஸ்ஸின் கண்ணாடி பெரிது, கை நீளம், கனம்.

"அண்ணே, உங்க வைப்பர் வீட்டுக் கதவைத் தட்டுது, யாராச்சும் திறங்களேன்!" என்று மழைக்காரி கூண்டுக்குள்ளிருந்து கத்தினாள். பெயிண்ட்காரன் சிரித்தான். சீட்காரன் ஊசியைக் கீழே வைத்துவிட்டே சிரித்தான். காலமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அல்லவா, சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

கோணலார் அன்று சாப்பாட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் போன பிறகு மூடியைக் கழற்றி, அந்தக் கிராங்கை எடுத்துவிட்டு, அதைவிடக் குட்டையான ஒன்றை மாட்டினார். கை கண்ணாடிக்கு அடியில் வந்து படுக்கிற இடம் மாறிவிடக் கூடாதே. தண்டின் பல்லில் கையைக் கழற்றித் திருப்பி மாட்டி, கீழ்ப்பக்கத்தைப் பழையபடி வைத்தார். ஓட்டத்தில் குறைந்த தூரம் முழுவதும் தூண் பக்கமே குறைந்தது. கை இப்போது தூணுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே திரும்பியது. இடிக்கவில்லை. ராட்டைக் கெட்டியாகப் போட்டிருக்க வேண்டும், தகட்டுக்கு ஒரு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்தால் முதலில் மாட்டியது மட்டம் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. குட்டைக் கிராங்க் வெளியே தெரியாது. இதுதான் வேலை தெரிந்த மனுஷன் செய்த காரியம். கற்றுக்குட்டி செய்திருந்தால் கோணலார் அவனை என்ன பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

"என்னண்ணே பண்ணீங்க, சத்தமே காணோம்?" என்றாள் மழைக்காரி.

"இந்தாம்மா, தண்ணியடிக்கிறது உன் வேலை. அதைப் பாரு."

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. பொத்தான் ஒட்டுகிறவனுக்கு எதற்குக் கிராங்க் சமாசாரம்?

வயரெல்லாம் கொடுத்து மறுபடி கூண்டில் விட்டார்கள். தண்ணீர் விழுந்ததும் வைப்பர் தானாக எழுந்தது. மாப்பிள்ளை முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. குழாயை நிறுத்தினார்கள். வைப்பர் நிற்கவில்லை. பஸ்ஸை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதும் நிற்கவில்லை. ரப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று துள்ளித் துள்ளி ஓடியது. கடைசியில் மோட்டார் சூடேறி, தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி எழுந்து ஆட ஆரம்பித்தது.

பஸ்ஸை வாங்கப் போகிறவர்கள் தங்கள் டிரைவரை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "மழை நின்னு எவ்வளவு நேரமாச்சு. இது இன்னும் யாருக்கு டாட்டா காட்டுது?"

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சென்சாரைக் கழற்றினான், ஜெல்லை மாற்றினான், குமிழி பார்த்தான், ஒட்டினான். அதே ஆட்டம். புதுச் சென்சார் போட்டான். அதே ஆட்டம். சென்சார் சொல்வதைக் காட்டும் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணி இருக்கு, தண்ணி இருக்கு என்று அது சொல்வதையே பார்த்து உட்கார்ந்திருந்தான். பாவம், அது பொய் சொல்கிறது என்று நினைத்தான்.

"வாங்கறவங்க வரும்போது இது சரியா இருக்கணும். இல்லைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கங்க" என்றார் முதலாளி. சின்ன வயசு; பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

மறுநாள் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன நேரம், கேலி பேசப் புதுசாக ஏதாவது கிடைக்குமா என்று கோணலார் பஸ்ஸுக்குள் ஏறினார். வெளியே மழைக்காரி கூண்டில் தண்ணீரைத் திறந்து மூடியிருந்தாள், வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. கன்னத்தைக் கண்ணாடியில் பதிய வைத்து, ஒரு கண்ணை மூடி, சென்சாரின் பக்கவாட்டில் பார்த்தார். வைப்பர் எழுந்து வந்தது, வரும்போது கண்ணாடியிலிருந்த தண்ணீரையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, சென்சாருக்கு ஒரு விரல் முன்னால் நின்றது, திரும்பியது. தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் சென்சார் பார்க்கிற இடத்தில் போய்ச் சொத்தென்று விழுந்தது. அடுத்த தரம் இன்னும் ஒரு வாய். அதற்கடுத்த தரம் இன்னும் ஒரு வாய். துடைக்க வந்த கையே அந்த ஒரு இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு துளிகள் அங்கேயே தொங்கின, துடைக்க ஆள் இல்லாமல்.

பொத்தான் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது கிராங்க்.

இறங்கினார். மாப்பிள்ளை எதிரே வந்தான். "என்ன மாமா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

நல்ல மனுஷனாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பான். கோணலார் சொன்னது: "எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை. நான் கம்பி வளைக்கிறவன்."

வீட்டுக்குப் போனால் மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அவரு சாப்பிடறதே இல்லப்பா. வேலை போச்சுன்னா வாடகை வீட்டை விட்டுடுவோம். இங்க மேல் ரூம்லதான் வந்து இருக்கணும்."

"அதுல என் பழைய மோட்டாரெல்லாம் இருக்கு."

"மோட்டாரைத் தூக்கிப் போடுங்க. மகளைத் தூக்கிப் போட முடியாது."

மனைவி அவரையே பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு ஏதோ தெரியும். தெரியலைன்னா இந்நேரம் திட்டியிருப்பீங்க. நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"சாப்பாட்டைப் போடு" என்றார். சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாங்குகிறவர்கள் வரும் நாள் காலையில் மாப்பிள்ளை வேறு வழி தெரியாமல் ஒரு காரியம் செய்தான். சென்சார் எவ்வளவு நுணுக்கமாகத் தண்ணீரை உணர வேண்டும் என்ற அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டான். தொங்குகிற துளிகளை இனி அது சட்டை செய்யாது. கூண்டில் கொட்டுகிற தண்ணீரில் வைப்பர் ஓடியது, நிறுத்தியதும் நின்றது. முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. கோணலார் தலையைச் சாய்த்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அது குணமான நோய் அல்ல, வாயைப் பொத்தி வைத்த நோய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாங்குகிறவர் தலையாட்டினார். ஆனால் அவருடைய டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, ரோட்டுல இப்படியா கொட்டும்? சும்மா தூறல் விடு" என்று மழைக்காரியிடம் சொன்னார். அவள் குழாயைத் திருகிப் பூத்தூறலாக விட்டாள். கண்ணாடி முழுக்கத் துளி. எதிரே நின்றவர்கள் முகம் கரைந்து போனது. வைப்பர் அசையவில்லை.

டிரைவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி காத்திருந்தார். "நேத்து தூங்கவே மாட்டேன்னுச்சு. இன்னைக்கு எழுந்திருக்கவே மாட்டேங்குது. இதை நம்பி நான் ஜனங்களை ஏத்திட்டுப் போகணுமா?"

முதலாளி எல்லோர் எதிரிலும் மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். "பித்தலாட்டம் பண்ணியா? இறங்கு. உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனிமே கேட்டுக்குள்ள வராதே." நேற்றுவரை 'நீங்க' என்றவர்.

மாப்பிள்ளை பெட்டியை மூடினான். பெயிண்ட்காரன், சீட்காரன், கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவன் கேட்டை நோக்கி நடந்தபோது, கோணலார் தொண்டையைச் செருமினார்.

"நில்லுங்க மாப்பிள்ளை. கண்ணாடி வேலை பார்க்கிறவருக்குக் கண்ணு வேண்டாமா? நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தீங்களே, கை எங்க திரும்புதுன்னு ஒரு தடவையாச்சும் நிமிர்ந்து பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை திரும்பினான். "பார்த்துத்தான் மாமா ஒட்டினேன்."

"ஒட்டும்போது பார்த்தீங்க. அப்புறம் பார்த்தீங்களா?"

"அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"

"அப்புறம் நான் கிராங்கை மாத்திட்டேன், அதுக்கு!"

கூண்டில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"தூணில இடிச்சுது, குறைச்சேன்" என்றார் கோணலார், ஏதோ மற்றவர்கள் செய்த தப்பைச் சொல்வது மாதிரி. "கை உங்க பொத்தானுக்கு முன்னாடியே திரும்பிடுது. தள்ளிட்டு வர்ற தண்ணியெல்லாம் அது தலையிலதான் கொட்டுது. பொத்தான் ஒழுங்காத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் உங்க பொத்தான் மேல நம்பிக்கை இல்லை. அதைப் போயி செவிடாக்கி வச்சிருக்கீங்க. வெட்கமா இல்லை?"

இப்படி ஒரு ஒப்புதலை யாராவது கேட்டதுண்டா? குற்றம் இவருடையது, திட்டு அவனுக்கு.

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "எப்பத்திலிருந்து தெரியும் உங்களுக்கு?"

கோணலார் தலையின் சாய்வு கொஞ்சம் கூடியது.

"நேத்து உங்களைக் கேட்டேன். கம்பி வளைக்கிறவன்னு சொன்னீங்க. அப்பவே தெரியும்."

"அண்ணே, சீ!" என்றாள் மழைக்காரி. அந்த ஒற்றைச் சொல் போதும். பட்டறையில் இத்தனை வருஷம் அவர் எல்லோருக்கும் கொடுத்து வந்ததை அவள் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வாங்குகிறவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "இன்னைக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்று டிரைவரை விட்டுவிட்டுப் போனார். முதலாளி கோணலாரிடம் வந்தார். அப்பா காலத்து ஆள் என்று அவரிடம் எப்போதும் பணிந்து பேசுகிறவர், அன்று விரலை நீட்டினார். "கழட்டுங்க. உங்க கையாலேயே."

கோணலார் கழற்றினார். பழைய கிராங்க் ஏறியது. இந்தத் தரம் கெட்டியான ராடு போட்டார். அதன் இரண்டு முனையிலும் உருண்டை மூட்டுகளுக்குப் புது பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தார், கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல். மோட்டார் தாங்கும் தகட்டுக்குக் குறுக்கே ஒரு முட்டு அடித்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, வியர்த்துக்கொண்டு செய்தார். மாப்பிள்ளை சென்சாரின் அளவை இருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றினான். மாமனும் மருமகனும் பஸ்ஸின் மூக்கில் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து நின்றார்கள்.

தூறல் விட்டார்கள். வைப்பர் ஒரு தரம் துடைத்துப் படுத்தது, காத்திருந்தது, மறுபடி ஒரு தரம். வேகமாக விட்டார்கள், வேகமாக ஓடியது. தூணுக்கு ஒரு விரல் இருக்கும்போது திரும்பியது, இடிக்கவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள். இன்னும் ஒரு துடைப்பு, அவ்வளவுதான், போய்ப் படுத்துக்கொண்டது. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, "இப்ப இது மனுஷன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானது. மேல் ரூமில் பழைய மோட்டார்கள் பத்திரமாக இருக்கின்றன. மகள் வருகிறாள், போகிறாள், மாப்பிள்ளை வருவதில்லை. மாமியார் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு அனுப்புகிறாள், சட்டி கழுவித் திரும்பி வருகிறது. மன்னிப்பு என்ற சொல் கோணலார் வாயிலிருந்து இதுவரை வரவில்லை. வரும் என்று எதிர்பார்ப்பவர்களும் இல்லை.

ஆனால் பட்டறையில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. யாரும் உத்தரவு போட்டதல்ல, மாப்பிள்ளை கொண்டுவந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் சென்சாரை ஒட்டுவதற்கு முன், ஜெல்லைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பட்டறையின் நடுவில் நின்று, கடைசி மூலையில் சீட் தைக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி கேட்பான்:

"மாமா, கிராங்க் இதேதானா? மாத்த மாட்டீங்களே?"

பெயிண்ட் துப்பாக்கி நிற்கும். தையல் மெஷின் நிற்கும். மழைக்காரி கூண்டிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கோணலார் பஸ்ஸுக்கு அடியிலிருந்தோ மூக்கிலிருந்தோ மெதுவாக வெளியே வந்து, எல்லோரையும் அந்தச் சாய்வில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"மாத்தமாட்டேன். கேட்டாச்சுல்ல? போய் ஒட்டுங்க."